இரட்டையா, ஒற்றையா, இரண்டும் இல்லையா: முக்கோணவியல் சார்புகளைப் பற்றி மாடி டியூஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். இரட்டைப்படைச் சார்பு, ஒற்றைப்படைச் சார்பு வரும் வாரத்தில் எல்லா வருஷமும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. பிள்ளைகள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பதிலில் சுருக்கமாக ‘இரட்டை’, ‘ஒற்றை’ என்றே எழுதுகிறேன்.

மிஸ், சோதிச்சுப் பாருன்னா முதல்ல எதை எழுதணும்?

x இருக்கும் இடத்திலெல்லாம் (−x) என்று அடைப்புக்குறியோடு போட்டு f(−x)-ஐ எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு உறுப்பிலும் அந்த மைனஸ் என்ன ஆகிறது என்று பாருங்கள். sin, tan, cosec, cot நான்கிலும் மைனஸ் வெளியே வந்து நிற்கும். cos, sec இரண்டிலும் காணாமல் போய்விடும்.

இதை மனப்பாடம் செய்வதைவிட ஓரலகு வட்டத்தை ஒருமுறை வரைந்து பார்ப்பது மேல். வலது பக்கம் (1, 0)-இல் இருந்து கடிகார முள்ளுக்கு எதிராக θ அளவு சுற்றினால் ஒரு புள்ளியில் போய் நிற்பீர்கள். அதே இடத்திலிருந்து கடிகார முள் திசையில் அதே அளவு சுற்றினால் −θ. இரண்டு புள்ளிகளும் செங்குத்தாக ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று. இடவலத் தூரம் மாறவில்லை, அதுதான் cos. உயரம் மட்டும் தலைகீழாகிவிட்டது, அதுதான் sin. tan என்பது sin-ஐ cos-ஆல் வகுத்தது, ஆகவே sin-இன் குறி அதற்கும் வந்துவிடும். மற்ற மூன்றும் இவற்றின் தலைகீழிகள், குறியில் புதிதாக ஒன்றும் நடக்காது.

f(−x) அப்படியே f(x)-ஆகத் திரும்பி வந்தால் இரட்டை. ஒவ்வொரு உறுப்பும் குறி மாறி −f(x)-ஆக வந்தால் ஒற்றை. சிலது மாறி சிலது மாறாமல் நின்றால் பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்தப் ‘பெரும்பாலும்’ எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

sin x + cos x ஒற்றைன்னு எழுதினேன், தப்புன்னு போட்டுட்டாங்க. ஏன் மிஸ்?

உங்கள் தாளைப் பார்க்காமலே சொல்கிறேன். f(−x) = −sin x + cos x என்று சரியாக எழுதியிருப்பீர்கள். அடுத்த வரியில் −f(x) = −sin x + cos x என்று எழுதி, இரண்டும் ஒன்று என்று முடித்திருப்பீர்கள். தப்பு அந்த இரண்டாவது வரியில். மைனஸ் முழுச் சார்புக்கும் போகவேண்டும், முதல் உறுப்போடு நின்றுவிடக் கூடாது: −f(x) = −(sin x + cos x) = −sin x − cos x. இப்போது f(−x)-உம் −f(x)-உம் ஒன்றில்லை. f(x)-உடனும் ஒத்துப்போகவில்லை. ஆகவே இரண்டும் இல்லை.

இந்தப் பாடத்தில் நான் திருத்தும் தவறுகளில் அதிகம் இதுதான். f(x), f(−x), −f(x) மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று வரியில் எழுதிவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள். மனசுக்குள் செய்தால் அடைப்புக்குறி நழுவிவிடும்.

ஒற்றையும் ஒற்றையும் பெருக்கினா ஒற்றைதானே? 3 × 5 = 15 மாதிரி?

பேர்தான் ஏமாற்றுகிறது. எண்களில் அப்படி, சார்புகளில் இல்லை. இங்கே இரட்டை, ஒற்றை என்ற பெயர் வந்தது அடுக்கிலிருந்து. x², x⁴ இரட்டைச் சார்புகள். x, x³ ஒற்றைச் சார்புகள். பெருக்கும்போது அடுக்குகள் கூடும்: x³ × x⁵ = x⁸, ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்து இரட்டை. sin-உம் cos-உம் இந்தக் குடும்பம்தான். sin x-இன் தொடர் x − x³/6 + x⁵/120 என்று ஒற்றை அடுக்குகளாகவே போகும், cos x-இன் தொடர் 1 − x²/2 + x⁴/24 என்று இரட்டை அடுக்குகளாகவே போகும்.

ஆகவே பெருக்கல், வகுத்தலில் மைனஸ்களை மட்டும் எண்ணுங்கள். x sin x-இல் இரண்டு மைனஸ், இரட்டை. sin x cos x-இல் ஒன்று, ஒற்றை. sin²x இரட்டை, sin³x ஒற்றை. கூட்டல், கழித்தலில் ஒரே வகை இரண்டு சேர்ந்தால் அதே வகை: 3 sin x − tan x ஒற்றை.

ஒன்றுக்குள் ஒன்று இருந்தால் உள்ளேயிருந்து வெளியே வாருங்கள். cos(sin x)-இல் உள்ளே குறி மாறுகிறது, வெளியே நிற்கும் cos அதை விழுங்கிவிடுகிறது. sin(cos x)-இல் உள்ளேயே ஒன்றும் மாறவில்லை, வெளியே யார் இருந்தாலும் கவலையில்லை. இரண்டும் இரட்டை.

கிராஃபைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இரட்டையென்றால் y-அச்சு ஒரு கண்ணாடி: வலப்பக்கம் இருப்பது அதே உயரத்தில் இடப்பக்கமும் இருக்கும். நோட்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து டியூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு அப்படியே தெரிந்தால் இரட்டை.

ஒற்றைக்குத்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், அதையும் ஒரு கண்ணாடி என்று நினைத்துவிடுகிறார்கள். அது அரைச் சுற்று. எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் ஆடுவார்கள், அதை வைத்தே சொல்கிறேன். கேரம் போர்டின் நடுவில் உங்கள் தாளை வையுங்கள், ஆதிப்புள்ளி சரியாக நடு வட்டத்தில் இருக்கட்டும். உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தத் தாள் 180 பாகை திரும்பித் தெரியும். எழுத்துகளை விட்டுவிட்டு வளைவை மட்டும் பார்த்தால், நீங்கள் பார்ப்பதும் அவன் பார்ப்பதும் ஒன்றாக இருந்தால் அது ஒற்றை. sin x-க்கு வரைந்து பாருங்கள்: உங்கள் வலது கைப்பக்கம் மேடு, அவனுடைய வலது கைப்பக்கமும் மேடுதான். cos x-க்கு இதைச் செய்தால் உங்களுக்கு நடுவில் மேடு, அவனுக்கு நடுவில் பள்ளம்.

வரையும் வேலையும் பாதியாகக் குறையும். x ≥ 0 பக்கத்தை மட்டும் கணக்குப் போட்டு வரைந்தால் போதும், மறுபாதி இலவசம்.

கூட்டலில் ரெண்டும் கலந்து வந்தா? ஒரு கணக்கை முழுசா போட்டுக் காட்டுங்க.

f(x) = sin x + sin²x எடுத்துக்கொள்வோம். பார்க்க எளிமையாக இருக்கும், உள்ளே நிறைய விஷயம் இருக்கிறது.

முதலில் மூன்று வரி. f(x) = sin x + sin²x. f(−x) = −sin x + sin²x. −f(x) = −sin x − sin²x. மூன்றும் வேறு வேறு. ஆனால் ‘பார்க்க வேறாக இருக்கிறது’ என்பது நிரூபணம் ஆகாது, ஏனென்றால் முக்கோணவியலில் ஒரே சார்பு இரண்டு வேஷத்தில் வரும். cos(x − π/2) என்பதைப் பார்த்தால் இரட்டை மாதிரியும் இல்லை, ஒற்றை மாதிரியும் இல்லை. முற்றொருமையைப் போட்டால் அது sin x, சுத்தமான ஒற்றை. மேலே ‘பெரும்பாலும்’ என்று சொன்னது இதனால்தான். ஆகவே ‘இரண்டும் இல்லை’ என்று சொல்வதற்கு முன் ஒரு மதிப்பைப் போட்டு உறுதிசெய்யவேண்டும். x = π/2 போடுவோம். f(π/2) = 1 + 1 = 2. f(−π/2) = −1 + 1 = 0. 2-உம் 0-உம் சமமில்லை, இரட்டை அடிபட்டது. 0 என்பது −2-உம் இல்லை, ஒற்றையும் அடிபட்டது. முடிந்தது.

இனி வரைபடம். வலப்பக்கம் 0-இலிருந்து π வரை ஒரே மேடு, உச்சி π/2-இல், உயரம் 2. இடப்பக்கம் அடியோடு மாறுகிறது. 0-இலிருந்து இடது பக்கம் நகர்ந்தால் கோடு அச்சுக்குக் கீழே இறங்கி −π/6-இல் −1/4-ஐத் தொடும், ஏனென்றால் அங்கே sin x = −1/2, அதன் வர்க்கம் 1/4. பிறகு ஏறி −π/2-இல் அச்சைச் சரியாகத் தொட்டுவிட்டு, மறுபடி இறங்கி −5π/6-இல் மீண்டும் −1/4, அப்புறம் −π-இல் 0. வலப்பக்கம் ஒரு பெரிய மேடு, இடப்பக்கம் இரண்டு சின்னப் பள்ளம். மடித்தாலும் பொருந்தாது, எதிரே உட்கார்ந்து பார்த்தாலும் பொருந்தாது.

இந்தக் கோணல் எங்கிருந்து வந்தது? sin x ஒற்றைப் பங்கு, sin²x இரட்டைப் பங்கு. வலப்பக்கம் இரண்டும் மேல்நோக்கி, அதனால் ஒன்றோடொன்று கூடுகின்றன. இடப்பக்கம் sin x கீழே இழுக்கிறது, sin²x மேலே தள்ளுகிறது. ஆதிப்புள்ளிக்கு இருபுறமும் ஒரே அளவு நீளும் சார்பகம் உள்ள எந்தச் சார்பையும் இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். இரட்டைப் பங்கு [f(x) + f(−x)]/2, ஒற்றைப் பங்கு [f(x) − f(−x)]/2. இரண்டு பங்கும் பூச்சியமில்லாமல் நின்றால்தான் ‘இரண்டும் இல்லை’.

ஒரு நம்பர் போட்டுப் பார்த்தா போதும்னா, எல்லாத்துக்கும் அப்படியே செஞ்சுடலாமே?

இல்லை தம்பி, அது ஒருபக்கக் கத்தி. ஒரு மதிப்பு பொய்யென்று காட்டும், உண்மையென்று காட்டாது. sin x + cos x-இல் x = π போடுங்கள்: −1 வரும். x = −π போட்டாலும் −1-தான். ‘சமம், ஆகவே இரட்டை’ என்று எழுதினால் போச்சு, π-இல் sin பூச்சியமானதால் அது வாயைத் திறக்கவே இல்லை. π/4 போட்டால் √2, −π/4 போட்டால் 0, குட்டு உடைந்துவிடும்.

சோதிக்க 0, π, 2π போன்றவற்றை எடுக்காதீர்கள். π/6 நல்லது, sin-உம் cos-உம் பூச்சியமாகாது, ஒன்றுக்கொன்று சமமாகவும் இருக்காது. அதிலும் தற்செயலாகச் சமம் வரலாம். வந்தால் இன்னொரு மதிப்பு. இரட்டை என்றோ ஒற்றை என்றோ *நிரூபிக்க* வேண்டுமென்றால் பொதுவான x-ஐ வைத்துத்தான் எழுதவேண்டும்.

சார்பகம்னு ஒரு வரி எழுதச் சொல்றீங்களே, அது எதுக்கு?

அது இல்லாமல் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். மாதிரித் தேர்வு ஒன்றுக்கு விடைக்குறிப்பு எழுதும்போது, 0 ≤ x ≤ 2π என்று சார்பகம் கொடுத்திருந்த cos x-க்கு ‘இரட்டை’ என்று எழுதிவிட்டேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, ‘மிஸ், −1-இல் இந்தச் சார்பே இல்லையே, f(−1)-ஐ எப்படி எழுதினீங்க?’ என்றாள். சரியான கேள்வி. x சார்பகத்தில் இருந்தால் −x-உம் இருக்கவேண்டும், இல்லையென்றால் சோதனையைத் தொடங்கவே முடியாது. அந்த cos x இரண்டும் இல்லை. எல்லார் தாளையும் வாங்கித் திருத்தினேன்.

சில கணக்குகளில் சார்பகம் வெளிப்படையாகத் தராமல் ஒளிந்திருக்கும். √(sin x)-க்கு π/2-இல் மதிப்பு 1, −π/2-இல் உள்ளே −1, மெய்யெண்ணில் வர்க்கமூலம் இல்லை. 1/(1 + sin x)-க்கு π/2-இல் 1/2, −π/2-இல் கீழே பூச்சியம். இரண்டும் ஒரே வரியில் ‘இரண்டும் இல்லை’. f(−x) எழுதி அரைப் பக்கம் வீணாக்கத் தேவையில்லை.

ஒற்றைன்னா கிராஃப் கண்டிப்பா ஆதிப்புள்ளி வழியாத்தானே போகும்?

0 சார்பகத்தில் இருந்தால் மட்டும். f(0) = −f(0) என்றால் f(0) பூச்சியமாகத்தான் இருக்கவேண்டும். 0 சார்பகத்தில் இல்லையென்றால் அந்த வாதமே இல்லை. cosec x ஒற்றை, ஆனால் 0-க்கு வலப்பக்கம் மேலே எகிறும், இடப்பக்கம் கீழே பாயும்.

இதைவிட நுட்பமானது (1 − cos x)/sin x. மேலே இரட்டை, கீழே ஒற்றை, ஆக மொத்தம் ஒற்றை. x = 0.1 ரேடியன் போட்டால் சுமார் 0.05, −0.1 போட்டால் சுமார் −0.05. கோடு ஆதிப்புள்ளியை நோக்கி அமைதியாக வருகிறது, ஆனால் 0-இல் 0/0, மதிப்பில்லை. அங்கே ஒரு சின்ன வெற்று வட்டம் போடவேண்டும். ‘இது tan(x/2) தானே மிஸ்’ என்பார்கள். மதிப்பு உள்ள இடங்களிலெல்லாம் ஆமாம். ஆனால் tan(x/2)-க்கு 0-இல் மதிப்பு உண்டு, இதற்கு இல்லை. சுருக்கிய பிறகு சார்பகத்தைப் பார்த்தால் இந்த ஓட்டை கண்ணில் படாது. சுருக்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

இரண்டும் இல்லைன்னா அந்த கிராஃபுக்குச் சமச்சீரே கிடையாதா?

அப்படிச் சொல்லவே கூடாது. நம் சோதனை y-அச்சையும் ஆதிப்புள்ளியையும் பற்றி மட்டும்தான் கேட்கிறது. sin x + cos x என்பது √2 cos(x − π/4), அதாவது cos அலையை மேலும் கீழும் √2 மடங்கு நீட்டி வலது பக்கம் π/4 நகர்த்தியது. கண்ணாடியும் கூடவே நகர்ந்து x = π/4-இல் நிற்கிறது. மேலே முழுசாகப் போட்ட sin x + sin²x-க்கும் x = π/2-இல் கண்ணாடி உண்டு, sin(π − x) = sin x என்பதால். 1 + sin x-க்கு அரைச் சுற்று மையம் (0, 1)-க்கு ஏறிவிட்டது.

இதே காரணத்தால்தான் sin(x + c)-இல் c-ஐப் பொறுத்து பதில் மாறுகிறது. c என்பது π-இன் முழு மடங்கானால் ஒற்றை, π/2-இன் ஒற்றை மடங்கானால் இரட்டை, வேறு எதுவானாலும் இரண்டும் இல்லை.

ரெண்டாவும் இருக்கிற சார்பு ஏதாவது உண்டா?

எங்கும் பூச்சியமாக இருக்கும் சார்பு மட்டும். sin²x + cos²x − 1 என்று வேஷம் போட்டு ஒரு மதிப்பெண் வினாவில் வரும்.

போன்ல வரைஞ்சு சரிபார்க்க என்ன டைப் பண்ணணும்?

டெஸ்மாஸ் மாதிரி வரைபடச் செயலியில் இந்த மூன்று வரி போதும்:

```
f(x)=sin(x)+sin(x)^2
y=f(-x)
y=-f(x)
```

இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேல் முழுசாக உட்கார்ந்தால் இரட்டை. மூன்றாவதும் இரண்டாவதும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தால் ஒற்றை. ஒரே எச்சரிக்கை: (1 − cos x)/sin x-ஐ வரைந்தால், 0-இல் இருக்கும் அந்த ஓட்டையைத் திரை பெரும்பாலும் காட்டாது. ரேடியனா, டிகிரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிகிரியில் இருந்தால் வளைவு நீண்டு நேர்கோடு மாதிரி தெரியும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

இதெல்லாம் பன்னிரண்டாவதில் எங்கே வரும்?

தொகையிடலில். எல்லை −a முதல் a வரை இருந்தால் ஒற்றைப் பங்கு அப்படியே பூச்சியம்: அரைச் சுற்றில் வலப்பக்கம் மேலே இருக்கும் பரப்பு, இடப்பக்கம் கீழே அதே அளவு. −π/2 முதல் π/2 வரை sin x + sin²x-ஐத் தொகையிடச் சொன்னால் sin x-ஐ அடித்துவிடலாம். மிச்சம் sin²x, அதன் தொகை π/2. ஒரு வரியில் விடை.

ஆனால் −1 முதல் 1 வரை cosec x-ஐக் கொடுத்து, ‘ஒற்றை, ஆகவே பூச்சியம்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். 0-இல் அது எல்லையில்லாமல் எகிறுகிறது. வலப்பக்கப் பரப்பும் முடிவில்லாதது, இடப்பக்கப் பரப்பும் முடிவில்லாதது. முடிவில்லாததிலிருந்து முடிவில்லாததைக் கழித்துப் பூச்சியம் என்று சொல்ல முடியாது, அந்தத் தொகை இல்லவே இல்லை.

cos இரட்டை, அப்போ cos⁻¹ x-உம் இரட்டைதானே?

cos⁻¹(1/2) = π/3, cos⁻¹(−1/2) = 2π/3. சமமில்லை, எதிர்க்குறியும் இல்லை, ஆகவே இரண்டும் இல்லை. முழு cos அலைக்கும் நேர்மாறு கிடையாது, ஒரே உயரத்தைப் பல தடவை தொடுகிறது. அதனால் 0 முதல் π வரை வெட்டி எடுத்துத்தான் நேர்மாறு செய்கிறோம். வெட்டும்போதே கண்ணாடியின் இடப்பக்கப் பாதி போய்விட்டது. sin-ஐ −π/2 முதல் π/2 வரை, ஆதிப்புள்ளிக்கு இருபுறமும் சமமாக வெட்டியதால் sin⁻¹ x ஒற்றையாகவே தப்பித்தது. tan⁻¹ x-உம் அப்படியே. cos⁻¹ x-இன் வரைபடத்தைக் கேரம் போர்டில் வைத்தால், நடு வட்டத்தில் ஆதிப்புள்ளியை வைக்காமல் (0, π/2)-ஐ வையுங்கள், எதிரே இருப்பவனுக்கும் அதே கோடுதான் தெரியும்.